வெள்ளி குளோரைடு ஏன் கணக்குக்கு அடங்கவில்லை?

சமையல் உப்பான சோடியம் குளோரைடுக்கும், பள்ளி ஆய்வகத்தில் வெள்ளை வீழ்படிவாக இறங்கும் வெள்ளி குளோரைடுக்கும் உள்ளமைப்பு ஒன்றுதான். இரண்டிலும் ஒவ்வோர் அயனியையும் எதிர்ச்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருக்கும். சுமைகளும் அதே +1, -1. அடுத்தடுத்த இரு அயனி மையங்களுக்கு இடையேயான தூரம் உப்பில் 282 பிக்கோமீட்டர், வெள்ளி குளோரைடில் 277. ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு பிக்கோமீட்டர். இவ்வளவு ஒத்துப்போகும் இரு படிகங்களை அயனி அயனியாகப் பிரித்தெடுக்க ஏறக்குறைய ஒரே ஆற்றல் போதும் என்றுதான் தோன்றும். அந்தப் பிரித்தெடுக்கும் ஆற்றலைத்தான் படிகக்கூடு ஆற்றல் என்கிறோம்.

அதைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, அயனிகளை மின்சுமை ஏறிய உருண்டைகளாகப் பாவித்துக் கூலும் விதியைப் போடுவது. உப்பில் ஒரே ஒரு சோடியம்-குளோரைடு ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு மோலுக்கு 493 கிலோஜூல் வரும். ஆனால் படிகத்தில் ஓர் அயனிக்குப் பக்கத்தில் ஆறு எதிர் அயனிகள் ஈர்க்கும். சற்றுத் தள்ளி அதே சுமை கொண்ட பன்னிரண்டு அயனிகள் விலக்கும். அதற்கு அப்பால் எட்டு மறுபடி ஈர்க்கும். இப்படியே கூட்டிக் கழித்துக்கொண்டு போனால் மொத்த விளைவு ஜோடியின் மதிப்பைப் போல 1.748 மடங்கில் நிற்கிறது. இதுதான் மேடலுங் எண். இரண்டையும் பெருக்கினால் 861.

இன்னும் ஒரு கழித்தல் பாக்கி. நெருங்கும் அயனிகளின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று தள்ளும். மாக்ஸ் பார்னும் ஆல்ஃபிரெட் லாண்டேயும் 1918-இல் வகுத்த முறைப்படி, உப்புக்கு இந்தத் தள்ளல் ஈர்ப்பில் எட்டில் ஒரு பங்கு. அதைக் கழித்தால் 753 கிலோஜூல். இதே முறையில் வெள்ளி குளோரைடுக்கு ஈர்ப்பு மட்டும் 876. தள்ளலைக் கழித்தால் சுமார் 784. எதிர்பார்த்தபடியே இரண்டு விடைகளும் அருகருகே வருகின்றன.

இரண்டாவது வழி பார்ன்-ஹேபர் சுற்று. படிகத்துக்குள் என்ன இருக்கிறது என்று இது எதையும் கற்பனை செய்வதில்லை. அளந்தறிந்த வெப்பங்களை வரவு செலவாக எழுதுகிறது, அவ்வளவுதான். திடச் சோடியத்தை ஆவியாக்க 107, அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க 496, குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஓர் அணுவைப் பெற 121. அந்த அணு எலக்ட்ரானை ஏற்கும்போது 349 திரும்பக் கிடைக்கிறது. நிகரச் செலவு 375. தனிமங்களிலிருந்து உப்பு உருவாகும்போது வெளிப்படும் வெப்பம் 411. இரண்டையும் கூட்டினால் உப்பின் படிகக்கூடு ஆற்றல் 786. மின்னியல் கணக்கோடு வித்தியாசம் வெறும் 33 கிலோஜூல்.

வெள்ளிக்கும் இதையே செய்வோம். ஆவியாக்க 285, எலக்ட்ரானைப் பிரிக்க 731, குளோரினுக்கு அதே 121, திரும்புவது அதே 349. நிகரச் செலவு 788. உருவாதல் வெப்பம் 127. ஆக மொத்தம் 915. இங்கே வித்தியாசம் 131!

இந்த இடத்தில் மாணவர்கள் முதலில் தங்கள் கூட்டலைத்தான் சந்தேகிக்க வேண்டும். குளோரின் மூலக்கூறைப் பிளக்க ஆகும் 242-ஐப் பாதியாக்க மறந்தால் விடை 121 கூடிவிடும். கிட்டத்தட்ட இதே அளவு இடைவெளி. ஆனால் அந்தப் பிழை உப்பின் கணக்கையும் அதே அளவு உயர்த்தியிருக்கும். உப்பு சரியாக வந்து வெள்ளி மட்டும் விலகினால், கோளாறு கூட்டலில் இல்லை.

தள்ளலின் அளவை மாற்றிச் சரிக்கட்ட முடியுமா? உப்பில் எட்டில் ஒரு பங்கை ஒன்பதில் ஒரு பங்காக்கினால் 753 என்பது 765 ஆகும். ஆகவே உப்பில் காணும் சிறிய வித்தியாசம் மாதிரியின் தோராயத்துக்குள் அடங்கும். வெள்ளி குளோரைடில் தள்ளலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 876-ஐத் தாண்ட முடியாது. சுற்று கேட்பதோ 915. முழுச் சுமை கொண்ட உருண்டைகள் எவ்வளவு இழுத்தாலும் அந்த ஆற்றல் வராது. வேறொரு பிணைப்பும் அங்கே வேலை செய்தாக வேண்டும்.

வெள்ளி அயனியின் வெளிக்கூட்டில் 18 எலக்ட்ரான்கள். அவற்றில் பத்து, அணுக்கருவின் இழுப்பைச் சரியாக மறைக்காத டி எலக்ட்ரான்கள். அதனால் வெள்ளி அயனி குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் வளைத்து, ஓரளவு பகிர்ந்தும் கொள்கிறது. அயனிப் பிணைப்போடு சகப்பிணைப்பின் சாயலும் சேர்ந்து படிகத்தை இறுக்குகிறது. ஆனாலும் 131-ஐ அப்படியே சகப்பிணைப்பின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலக்ட்ரான் மேகங்களின் கணநேர அசைவால் எழும் சிறு ஈர்ப்புகளையும் இந்த எளிய மாதிரி கணக்கில் சேர்ப்பதில்லை. எலக்ட்ரான்கள் மிகுந்த வெள்ளியில் அந்தப் பங்கும் கணிசமானது.

இந்தக் கூடுதல் இறுக்கத்தின் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் உப்பு சுமார் 360 கிராம் கரையும். வெள்ளி குளோரைடு ஏறக்குறைய 2 மில்லிகிராம்தான். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதால் கிடைக்கும் ஆற்றல் உப்பின் 786-ஐக் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிடுகிறது. வெள்ளி குளோரைடின் 915-க்கு அது போதவில்லை. அதனால்தான் குளோரைடு கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தவுடன் வெள்ளை வீழ்படிவு இறங்குகிறது.