மரக்கட்டையை அதிகம் ஆட்டுவது எந்தக் குண்டு?

அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய இரண்டு துப்பாக்கிக் குண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 1911இல் அந்த ராணுவம் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியின் குண்டு. ‘ஃபார்ட்டி ஃபைவ்’ என்று அழைக்கப்படுவது. கட்டைவிரல் நுனி அளவுக்கு உருண்டு திரண்டிருக்கும். நிறை சுமார் 14.9 கிராம். குழலை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 255 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகத்தைக்கூட எட்டாத குண்டு அது.

இன்னொன்று, வியட்நாம் போரில் எம்-16 துப்பாக்கியில் போட்டுச் சுட்ட குண்டு. ஒல்லியானது, கூர்மையானது, நிறை வெறும் 3.56 கிராம்தான். ஆனால் வேகம் நொடிக்கு 990 மீட்டர். ஒலியைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு.

ஐந்து கிலோ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு இரண்டையும் தனித்தனியாக அதில் சுடுகிறோம் என்று வையுங்கள். குண்டு கட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எந்தக் குண்டு பட்டால் கட்டை அதிக உயரம் ஆடும்?

எம்-16 குண்டு என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் விடை வேறு. எம்-16 குண்டு பட்டால் கட்டை இரண்டரை சென்டிமீட்டர் எழும்பும். மெதுவாக வரும் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டால் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். இத்தனைக்கும் எம்-16 குண்டிடம் இருக்கும் இயக்க ஆற்றல் மற்றதைவிட மூன்றரை மடங்குக்கும் மேல்.

இதைப் புரிந்துகொள்ள, ஓடும் பொருளை இரண்டு விதமாக அளக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் வருவது இயக்க ஆற்றல். பள்ளிப் புத்தகத்தில் p = mv என்றும் E = ½mv² என்றும் படித்தவைதான். நம் குண்டுகளுக்குப் போட்டுப் பார்த்தால், எம்-16 குண்டின் உந்தம் 3.5, கைத்துப்பாக்கிக் குண்டின் உந்தம் 3.8. கிட்டத்தட்ட ஒன்றுதான், கனமானது சற்று முன்னே நிற்கிறது. ஆற்றலோ முறையே 1,745 ஜூல், 485 ஜூல். வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் இலேசான குண்டு இங்கே எங்கோ போய்விடுகிறது.

கட்டையின் ஆட்டத்தைத் தீர்மானிப்பது உந்தம். குண்டும் கட்டையும் மோதும் அந்தக் கணத்தில் வெளியிலிருந்து யாரும் தள்ளுவதில்லை. ஆகவே குண்டு கொண்டுவந்த உந்தம் முழுவதும் கட்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஆற்றல் அப்படிச் சேர்வதில்லை. எம்-16 குண்டின் 1,745 ஜூலில் கட்டையின் ஆட்டமாக மாறுவது ஒன்றேகால் ஜூல்கூட இல்லை. மிச்சமெல்லாம் மரநார்களைக் கிழிப்பதிலும், குண்டையே நசுக்குவதிலும், வெப்பமாகவும் தீர்ந்துபோகிறது. ஆற்றல் அழிவதில்லை என்பது சரிதான். ஆனால் அது எந்த வடிவம் எடுக்கும் என்பதற்கு விதி எதுவும் பொறுப்பேற்பதில்லை. உந்தத்துக்கு அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை.

இந்த மரக்கட்டைச் சோதனை நான் கற்பனை செய்ததல்ல. குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பகமாக அளந்தது இப்படித்தான். பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர் 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் இந்த ஊசலை விவரித்தார். நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் பொருளை அளக்க அன்றைய கடிகாரங்களால் முடியாது. அதனால் அந்த வேகத்தை ஒரு கனமான ஊசலுக்குள் புதைத்து மெதுவாக்கினார். ஊசலில் கட்டிய நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். அதிலிருந்து உந்தம், உந்தத்தை நிறையால் வகுத்தால் வேகம். ராபின்ஸ் ஆற்றலை வைத்துக் கணக்கிட்டிருந்தால் விடை படுமோசமாகப் பிழைத்திருக்கும். காரணம் மேலே பார்த்ததுதான்: ஆற்றலில் மிகச் சிறிய பங்குதான் ஊசலில் தங்குகிறது. நமக்குப் பக்கத்துத் தகவல் ஒன்று: கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த ராபின்ஸ், 1751 ஜூலையில் கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார்.

அப்படியானால் ஆற்றல் எங்கேதான் தன்னைக் காட்டுகிறது? ராபின்ஸுக்கு இருபது ஆண்டுகள் முன்பு, ஹாலந்தின் லைடன் நகரில் வில்லம் ஸ்க்ராவசாண்ட என்ற பேராசிரியர் அதைக் கண்டார். ஒரே அளவுள்ள, ஆனால் நிறை வேறுபட்ட பித்தளை உருண்டைகளை மெத்தென்ற களிமண்ணில் விழச் செய்தார். இரண்டு மடங்கு நிறையுள்ள உருண்டையைப் பாதி உயரத்திலிருந்து விட்டால் இரண்டும் ஒரே அளவு பள்ளம் தோண்டின. உயரத்தை நிறையால் பெருக்கினால் வருவது ஆற்றல். ஆகப் பள்ளம் ஆற்றலுக்குக் கட்டுப்பட்டது, உந்தத்துக்கல்ல. லைப்னிட்ஸின் ஆட்களும் டெகார்ட்டின் ஆட்களும் ‘இயக்கத்தின் உண்மையான அளவு எது’ என்று பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். களிமண்ணைப் பார்த்தவர்களுக்கு ஒரு விடையும், மோதிக்கொள்ளும் பந்துகளைப் பார்த்தவர்களுக்கு வேறொரு விடையும் கிடைத்ததுதான் அந்தச் சண்டையின் வேர்.

இரண்டு விடையும் சரியாக இருப்பதெப்படி? நம் இரு குண்டுகளையும் ஒரே விசையில் தடுக்கும் ஒரு கற்பனைச் சுவருக்குள் செலுத்துவோம். விசையை நேரத்தால் பெருக்கினால் வருவது உந்தம். இரண்டின் உந்தமும் ஏறத்தாழ ஒன்று. அதனால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றுவிடும். விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது ஆற்றல். நிற்பதற்கு எடுத்த அதே நேரத்தில், வேகமான குண்டு அதிக தூரம் போயிருக்கும் அல்லவா? மூன்றரை மடங்குக்கு மேல் ஆழமாகப் போய் நிற்கும். ஆற்றலில் பார்த்த அதே மடங்கு.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இது அன்றாடம் தெரிந்த விஷயம். முப்பதில் போகும் பைக்கை அறுபதில் ஓட்டினால், பிரேக் பிடித்து நிற்க நேரம் இரண்டு மடங்குதான் ஆகும். தூரமோ நான்கு மடங்கு. நேரத்தைக் கேட்டால் உந்தம் பதில் சொல்லும். தூரத்தைக் கேட்டால் ஆற்றல்.

உண்மையான சுவரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: குண்டு எவ்வளவு அகலம் என்பது. கைத்துப்பாக்கிக் குண்டின் விட்டம் சுமார் 11.5 மில்லிமீட்டர், எம்-16 குண்டின் விட்டம் 5.7. மோதும் பரப்பில் முதலாவது நான்கு மடங்கு பெரிது. மூன்றரை மடங்கு ஆற்றலை நான்கில் ஒரு பங்கு இடத்தில் இறக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பதினான்கு மடங்குக்கும் மேல். கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் மெல்லிய துணிக் கவசம் ரைஃபிள் குண்டிடம் தோற்றுப்போவதற்கு இதுவும் முக்கியக் காரணம். ஆற்றல் என்ற ஒற்றை எண்ணை வைத்துக் குண்டின் திறனைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். குண்டின் வடிவம், அது உருக்குலையும் விதம் எல்லாம் அந்த எண்ணுக்கு வெளியே நிற்கின்றன.

துப்பாக்கியின் உதைப்புக்கும் இதே கணக்குதான். முன்னே போகும் குண்டுக்கு எவ்வளவு உந்தமோ அவ்வளவு பின்னாலும் வர வேண்டும். வெடிமருந்தின் வாயுவும் தன் பங்கைச் சேர்க்கும். மூன்று கிலோ எம்-16 பின்னால் வரும்போது, வாயுவைச் சேர்த்தாலும் தோளுக்கு வரும் ஆற்றல் ஐந்தாறு ஜூல்தான். முன்னே பாய்ந்ததோ 1,745 ஜூல். இருவருக்கும் உந்தம் சமம் என்பதால் ஆற்றலும் சமம் ஆகிவிடாது. இலேசானவரே ஆற்றலின் பெரும்பங்கை அள்ளிக்கொள்வார். சுடுபவர் பிழைப்பது இதனால்தான்.

சினிமாவில் குண்டடி பட்டவர் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறப்பதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எழுபது கிலோ ஆள்மீது 3.5 உந்தம் முழுவதும் இறங்கினால் அவருக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர். ஆமை நடை. அவர் பறக்க வேண்டுமானால் சுட்ட கதாநாயகனும் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும்.

குண்டு செய்பவர்கள் சந்திக்கும் ஒரு தேர்வும் இதில் அடக்கம். ஒரே ஆற்றலில் இரண்டு குண்டுகள் செய்யலாம். நான்கு மடங்கு நிறையுள்ளது பாதி வேகத்தில் போகும். அதன் உந்தம் இரண்டு மடங்கு. ஆகவே அதே ஆற்றலுக்குக் கனமான குண்டு தோளை அதிகம் உதைக்கும். பதிலுக்கு, வடிவமும் அகலமும் ஒன்றாக இருந்தால், காற்றில் அது வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது. இலேசான குண்டு தொடக்கத்தில் காட்டும் மிடுக்கு தொலைவில் கரையும்: வேகம் பாதியானால் உந்தம் பாதியாகும், ஆற்றலோ கால்வாசியாகிவிடும். குழல் வாயில் அளந்த ஜூலை முந்நூறு மீட்டருக்கு அப்பாலும் நம்புவது வீண்.

எதை அளக்க வேண்டும் என்பதில் விதி எழுதியவர்களும் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறார்கள். அமெரிக்கச் செயல்முறைத் துப்பாக்கிப் போட்டிகளில் குண்டின் நிறையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். இதற்கு ‘பவர் ஃபேக்டர்’ என்று பெயர். உள்ளே இருப்பது உந்தம்தான். அது 165ஐத் தொட்டால் உயர்ந்த பிரிவு, 125 என்றால் தாழ்ந்த பிரிவு. நம் கைத்துப்பாக்கிக் குண்டு 190ஐத் தாண்டிவிடும். குண்டு பட்டால் கவிழ வேண்டிய இரும்பு இலக்குகள் அந்தப் போட்டிகளில் உண்டு. தகட்டைக் கவிழ்ப்பது மரக்கட்டையை ஆட்டுவது போன்ற வேலை என்பதால் இந்த அளவு அங்கே பொருந்துகிறது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ ஆற்றலின் பக்கம் நிற்கிறது: குழல் வாயில் 2,305 ஜூலுக்குக் குறைவான ரைஃபிளால் பெரிய மான்களைச் சுடக் கூடாது. ஆற்றலோடு நிறுத்திக்கொள்ளாமல், குழல் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சேர்த்துச் சொல்கிறது. நம் எம்-16 குண்டு இரண்டிலுமே தேறாது.