ஐஸ் பாதி, சர்க்கரை பாதி

குச்சி ஐஸை உறிஞ்சிச் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். நாலு உறிஞ்சலில் நிறமும் இனிப்பும் வாய்க்குள் போய்விடும்; கையில் மிஞ்சுவது வெள்ளை ஐஸ் கட்டி. ஐஸோடு சேர்த்து அரைக்கும் ஃப்ரோசன் காக்டெயில் சரியாக அமையாதபோதும் இதேதான் நடக்கிறது. ஸ்ட்ராவில் முதலில் ஏறுவது சுள்ளென்ற மது. கொஞ்ச நேரத்தில் அடியில் நிற்பது சுவையற்ற ஐஸ் தூள். அதற்கும் கொஞ்சம் கழித்துப் பார்த்தால் வெறும் தண்ணீர். ஐஸைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கவனிக்க வேண்டியது பெரும்பாலும் சர்க்கரையை.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1971-ல் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் மெக்சிகன் உணவகம் ஒன்றைத் திறந்தார். டெக்கீலா, எலுமிச்சை, ஆரஞ்சு மது சேர்ந்த மார்கரிட்டாவை ஐஸோடு அரைத்துக் கொடுப்பது அங்கே பெரிய ஈர்ப்பு. ஆர்டர் குவியக் குவிய, பிளெண்டரில் ஒவ்வொன்றாக அரைத்த பணியாளர்கள் சோர்ந்துபோனார்கள். ஒரு கோப்பை போல் இன்னொன்று இல்லை என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டார்கள். கடை ஒன்றில் குழந்தைகளுக்கான ஐஸ் கூழ் பானம் இயந்திரத்திலிருந்து ஒரே சீராக வழிவதைப் பார்த்த மார்ட்டினெஸ், ஒரு சாஃப்டி ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றியமைத்து அதில் மார்கரிட்டாவை ஊற்றினார். மது உறையாது என்று பலர் சொன்ன காலம் அது. கலவையில் சர்க்கரையின் அளவைச் சரியாகப் பிடித்ததும் இயந்திரம் வேலை செய்தது. அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

சர்க்கரை அங்கே என்ன செய்தது? சுத்தமான தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் மொத்தமாக இறுகிவிடும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படி இறுகாது. முதலில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் நுண்ணிய ஐஸ் படிகங்களாகப் பிரியும். மீதி நீரில் சர்க்கரையின் அடர்த்தி ஏறும். அடர்த்தி ஏறினால் அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும். ஆகவே எந்த நேரத்திலும் ஒரு பங்கு ஐஸ், ஒரு பங்கு பாகு என்ற நிலையில் பானம் நிற்கும். அந்தப் பாகு கெட்டியானது. படிகங்களைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்காமலும் மேலே மிதந்து பிரியாமலும் பிடித்துவைக்கிறது. நாக்கில் வழுவழுவென்று படுவது இந்தப் பாகுதான்.

மதுவும் உறைநிலையைக் கீழே இறக்கும், சர்க்கரையை விடவும் வேகமாக. ஆனால் அதனிடம் இந்தக் கெட்டித்தன்மை இல்லை. எனவே சர்க்கரை குறைந்து மது ஏறினால் ஐஸ் கரைந்துகொண்டே இருக்கும், பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. ஹவானாவின் எல் ஃபுளோரிடிட்டா மதுக்கூடத்தில் எழுத்தாளர் ஹெமிங்வே தமக்கென்று கேட்டு வாங்கிய டைக்கிரி இரட்டை ரம், சர்க்கரை இல்லை என்ற கணக்கு. அப்படிப்பட்ட பானத்தை நிதானமாகக் குடிக்க முடியாது, சீக்கிரமே நீர்த்துவிடும். சர்க்கரைக்குப் பதில் ஸ்டீவியா போன்றவற்றைச் சேர்ப்பவர்களுக்கும் இதே ஏமாற்றம்தான். இனிப்பு வரும். ஆனால் சிட்டிகைப் பொடி பாகாகாது.

கணக்கை ஒரு கோப்பை டைக்கிரியில் பார்ப்போம். ஷேக்கரில் குலுக்கி வடிகட்டும் சாதாரண டைக்கிரிக்கு வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 22 மில்லி, சம எடை சர்க்கரையும் தண்ணீரும் கரைத்த பாகு 22 மில்லி. குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீரோடு மொத்தம் ஏறக்குறைய 150 மில்லி. அதில் சர்க்கரை சுமார் 14 கிராம், அதாவது 9 சதவீதம். இதையே 180 கிராம் ஐஸோடு அரைத்தால் சர்க்கரை 5 சதவீதமாக இறங்கிவிடும். கடுங்குளிரில் நாக்குக்கு இனிப்பும் மந்தமாகத்தான் தெரியும். பானம் சப்பென்று இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அரைப்பதற்கென்றால் ரம் அதே 60 மில்லி, எலுமிச்சை 30, பாகு 45 என்று மாற்ற வேண்டும். பாகில் மட்டும் 27 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஐஸ் போடும் முன் இந்தக் கலவையை ருசி பார்த்தால் முகம் சுளிக்கும் அளவுக்குத் தித்திக்கும், புளிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். 135 மில்லி திரவத்துக்கு ஐஸ் 200 கிராம், அதாவது எடையில் ஒன்றரை மடங்கு. தராசில் நிறுத்துப் போடுவதே நல்லது. கட்டியின் அளவைப் பொறுத்து ஒரு கப் ஐஸின் எடை மிகவும் மாறும். இப்போது மொத்தத்தில் சர்க்கரை 8 சதவீதம், மது 7 சதவீதம். மொத்தத்தில்தான் 8, ஐஸாக நிற்கும் பங்கைக் கழித்துவிட்டால், படிகங்களுக்கு இடையே ஓடும் திரவத்தில் சர்க்கரை அதைவிட வெகு அடர்த்தி.

இந்த விகிதத்தைக் கெடுப்பது வெப்பம். 30 டிகிரியில் இருக்கும் 135 மில்லி கலவையைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரவே சுமார் 45 கிராம் ஐஸ் உருகும் அளவு குளிர் செலவாகும். போட்ட ஐஸில் அது கிட்டத்தட்டக் கால் பங்கு. ஆகவே ரம் ஃப்ரீசரிலும், பாகும் சாறும் ஃபிரிட்ஜிலும், கோப்பை ஃப்ரீசரிலும் இருந்து வர வேண்டும். ஐஸும் ஃப்ரீசரிலிருந்து நேரே பிளெண்டருக்குப் போக வேண்டும். பக்கெட்டில் கிடந்து ஈரமாக மினுங்கும் ஐஸில் நாம் அளக்காத தண்ணீர் ஒட்டியிருக்கிறது.

அரைக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டுச் சில சுற்று ஓட்டிக் கட்டிகளை உடைத்த பின் முழு வேகம். கடகடவென்ற சத்தம் அடங்கி மோட்டார் ஒரே சுருதியில் ஓடும். கலவையின் நடுவில் சுழல் குழி விழும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பிளேடின் உராய்வே ஐஸை உருக்கும். சத்தம் திடீரென லேசாகி, பிளேடு வெறுமனே சுற்றி, மேலே இருப்பது அசையாமல் நின்றால் ஐஸ் மிகுதி. பிளேடைச் சுற்றிக் காற்றுக் குமிழ் உண்டாகியிருக்கிறது. ஒரு ஸ்பூன் குளிர்ந்த பாகு விட்டால் இறங்கும். ஊற்றும்போது குவியாமல் தட்டையாகப் பரவினால் ஐஸ் போதவில்லை. அப்போது ஒரு கைப்பிடி ஐஸ் மட்டும் போட்டு அரைப்பவர்கள் பானத்தை மேலும் சப்பென்று ஆக்கிவிடுகிறார்கள். ஐஸோடு பாகும் சில துளி எலுமிச்சையும் சேர வேண்டும்.

விருந்துக்கு எட்டு, பத்துப் பேர் வருகிறார்கள் என்றால் எனக்கு இன்னொரு முறைதான் பிடிக்கும். ஒரு கோப்பைக்கு மேலே சொன்ன அதே 135 மில்லியோடு 120 மில்லி தண்ணீர் சேர்த்து, கெட்டியான ஜிப் பையில் காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் தட்டையாகக் கிடத்திவிடலாம். மதுவும் சர்க்கரையும் இருப்பதால் அது பாறையாகாது. பிசைந்தால் நொறுங்கும் பதத்தில் உறையும். மறுநாள் எடுத்துச் சில நிமிடம் வெளியே வைத்து, பையோடு பிசைந்தோ பிளெண்டரில் ஒரு சுற்று விட்டோ பரிமாறலாம். தண்ணீர் அளந்தே சேர்ந்ததால் கோப்பைக்குக் கோப்பை ருசி மாறாது. எலுமிச்சைச் சாறு மட்டும் ஓர் இரவு தாங்கும். பல நாள் கிடந்தால் மணம் குன்றும், ஆகவே பையை முந்தின நாள் கட்டினால் போதும்.