உருளையின் மேல் ஒரு தோல்

பித்தளை உருளை ஒன்றைக் கொடுத்து, வெர்னியர் அளவியால் அளந்து கன அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னால், என் மாணவர்களில் பாதிப் பேர் 6271.9 கன மில்லிமீட்டர் என்று எழுதி நீட்டுவார்கள். கால்குலேட்டர் காட்டிய எண் அது. அதில் எத்தனை இலக்கத்தை நம்பலாம் என்று கேட்டால் பேச்சிருக்காது. ஆண்டுதோறும் நான் மெனக்கெட்டுச் சொல்லித்தருவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் கருவியைப் பார்ப்போம். சாதாரண அளவுகோலில் மிகச் சிறிய பிரிவு 1 மில்லிமீட்டர். 12-ஆம் கோட்டுக்கும் 13-ஆம் கோட்டுக்கும் நடுவே பொருளின் விளிம்பு நின்றால், அது 12.6-ஆ 12.7-ஆ என்று கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது. பியர் வெர்னியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். முதன்மைக் கோலின் மேல் நகரும் இன்னொரு சிறு கோல். அதன் பிரிவுகள் சற்றே குறுகலானவை. நம் பள்ளி ஆய்வகக் கருவியில் 9 மில்லிமீட்டர் நீளத்தைப் பத்தாகப் பிரித்திருப்பார்கள். அப்படியானால் வெர்னியர் பிரிவு ஒன்று 0.9 மி.மீ., முதன்மைப் பிரிவு 1 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 மி.மீ. இதுதான் மீச்சிற்றளவு, அதாவது இந்தக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய நீளம்.

இடைவெளி எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடுவது கடினம். இரண்டு கோடுகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பார்ப்பது எளிது. வெர்னியர் முதல் வேலையை இரண்டாவது வேலையாக மாற்றித் தருகிறது. பட்டறைகளில் புழங்கும் கருவியில் 49 மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்திருப்பார்கள். அதில் மீச்சிற்றளவு 0.02 மி.மீ.

இப்போது உருளையை அளப்போம். தாடைகளுக்கு நடுவே குறுக்காக வைத்ததும் வெர்னியரின் சுழிக்கோடு 12-ஐத் தாண்டி நிற்கிறது. வெர்னியரின் 9-ஆம் கோடு மேலே ஒரு கோட்டோடு ஒன்றுகிறது. ஆக 12.9. உயரத்துக்கு 50-உம் 6-ஆம் கோடும்: 50.6. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். உருளையை எடுத்துவிட்டுத் தாடைகளை ஒன்றோடொன்று ஒட்டினேன். இரண்டு சுழிகளும் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. வெர்னியரின் சுழி வலப்பக்கம் தள்ளி இருந்தது, அதன் 3-ஆம் கோடு ஒன்றியிருந்தது. ஒன்றும் இல்லாதபோதே இந்தக் கருவி 0.3 மி.மீ. என்கிறது. இது நேர்சுழிப் பிழை. எடுத்த ஒவ்வொரு அளவிலும் 0.3-ஐக் கழிக்க வேண்டும். ஆக விட்டம் 12.6, உயரம் 50.3. (சுழி இடப்பக்கம் தள்ளியிருந்தால் கணக்கு வேறு: அப்போது 8-ஆம் கோடு ஒன்றினால் பிழை 0.8 அல்ல, பத்திலிருந்து எட்டைக் கழித்த 0.2. அதைக் கூட்ட வேண்டும்.)

விட்டத்தின் வர்க்கம், உயரம், நான்கில் ஒரு பங்கு பை எல்லாவற்றையும் பெருக்கினால் 6271.9 வருகிறது. இனி, இதில் பிழை எவ்வளவு?

ஒவ்வோர் அளவிலும் மீச்சிற்றளவான 0.1 மி.மீ. வரை பிசகலாம் என்று வைத்துக்கொள்வோம். பாடநூல் சூத்திரம் இப்படி இருக்கும்:

ΔV/V = 2(Δd/d) + Δh/h

இதைச் சூத்திரமாகப் படிப்பதைவிட, உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தால் தெளிவாக விளங்கும். விட்டம் 0.1 மி.மீ. கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? உருளையைச் சுற்றி 0.05 மி.மீ. தடிப்பில் ஒரு தோல் போர்த்தியதுபோல் ஆகும், 0.1 இரண்டு பக்கமும் பாதிப்பாதியாகப் பிரிகிறதே. அந்தத் தோலை உரித்து விரித்தால் நீண்ட சதுரம்: ஒரு பக்கம் சுற்றளவான 39.6 மி.மீ., மறுபக்கம் உயரமான 50.3 மி.மீ. பரப்பு ஏறக்குறைய 1990 சதுர மில்லிமீட்டர். 0.05-ஆல் பெருக்கினால் தோலின் கன அளவு சுமார் 100 கன மி.மீ. உயரம் 0.1 மி.மீ. கூடினாலோ, உச்சியில் ஒரு மெல்லிய வட்டத் தகடு மட்டுமே சேர்கிறது. அது 12 கன மி.மீ.தான்.

இரண்டும் சேர்ந்து 112. எனவே 6.27 ± 0.11 கன சென்டிமீட்டர் என்பதே நேர்மையான விடை, சதவீதத்தில் 1.8. அந்த 71.9 எந்த அளவீட்டிலிருந்தும் வந்ததல்ல.

இரண்டு பிழைகளும் ஒரே திசையில் போகும் என்று கொண்டு கூட்டினோம்; இது உச்சவரம்பு. ஒன்று கூடி மற்றது குறையவும் வாய்ப்புண்டு என்பதால், மேல் வகுப்புகளில் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். 100-க்கும் 12-க்கும் அப்படிச் செய்தால் 101-ஐக்கூட எட்டுவதில்லை. உயரத்தின் பங்கு கிட்டத்தட்ட மறைந்தேவிடுகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: விட்டம் இருமுறை பெருக்கப்படுகிறது என்பதற்காக அதை இரண்டு தனித்தனி அளவுகளாக எண்ணி வர்க்கமூலத்துக்குள் போடக் கூடாது. விட்டம் பிசகினால் இரண்டு இடத்திலும் ஒரே பக்கமாகத்தான் பிசகும். அந்த 2 முழுதாகவே நிற்க வேண்டும்.

இந்தத் தோல் கணக்கு எங்கே உழைக்க வேண்டும் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அலமாரியில் 0.01 மி.மீ. வரை காட்டும் திருகு அளவி இருக்கிறது. அதைக் கொண்டு விட்டத்தை அளந்தால் 100 என்ற பங்கு 10 ஆகிவிடும். மொத்தப் பிழை 112-இலிருந்து 22-க்கு இறங்கும். உயரத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், விட்டத்தை விட்டுவிட்டால் 100-க்குக் கீழே வர வழியில்லை. உருளை தட்டையானால் கதை தலைகீழ். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள நாணயத்தில், தடிப்பின் 0.1 மி.மீ. மட்டுமே 5 சதவீதப் பிழை. விட்டத்தின் பங்கு 0.8 சதவீதம். ஒரே கருவியால் அளக்கும்போது உயரம் விட்டத்தில் பாதியாக இருந்தால் இரண்டும் சமம்.

சுழிப்பிழையைப் பார்க்காமல் விட்டிருந்தால்? 12.9, 50.6 என்றே கணக்கிட்டால் 6.61 ± 0.12 வரும். அந்த எல்லைக்குள் 6.27 இல்லவே இல்லை. உருளையின் நிறை 53.3 கிராம், சரியான கன அளவால் வகுத்தால் அடர்த்தி 8.5, பித்தளைக்கு வழக்கமான மதிப்பு. தவறான அளவால் வகுத்தால் 8.06, பித்தளை துருப்பிடிக்காத எஃகுக்கு அருகில் போய் நிற்கிறது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் இது சரியாகாது, பத்து முறையும் அதே 0.3 கூடவே வரும். மேலே சொன்ன ± கணக்கும் இதைப் பிடிக்காது. அது இரு பக்கமும் தள்ளாடும் பிழைக்கானது, இது ஒரே பக்கம் இழுக்கும் பிழை.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உருளையைக் கையில் எடுக்கும் முன்பே தாடைகளை மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சுழி எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.