ஜேமி வார்டிக்கு 71 போட்டது சரிதானா?

2015 செப்டம்பரில் 'ஃபிஃபா 16' வீடியோ கேம் வெளிவந்தபோது, இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி அணியில் ஆடிய ஜேமி வார்டிக்கு அதில் 71 மதிப்பெண் போட்டிருந்தார்கள். அந்த கேமில் 99தான் உச்சம். 75ஐத் தொட்டால் தங்க அட்டை. 65 முதல் 74 வரை வெள்ளி. வார்டி வெள்ளி. இரண்டே மாதம் கழித்து, நவம்பர் 28 அன்று, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். பிரீமியர் லீகில் தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் அடித்த முதல் வீரர் ஆனார். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 24 கோல்கள், லெஸ்டர் சாம்பியன். அடுத்த ஆண்டு வந்த 'ஃபிஃபா 17'இல் அவருடைய மதிப்பெண் 82.

அப்படியானால் முதலில் 71 போட்டவர்கள் ஏமாந்துவிட்டார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கு முந்தைய 2014-15 சீசனில் வார்டி 34 லீக் ஆட்டங்களில் ஆடி அடித்தது 5 கோல்கள். 2012 வரை ஃப்ளீட்வுட் டவுன் என்ற அணிக்காக, இங்கிலாந்தின் நான்கு பெரிய டிவிஷன்களுக்கும் வெளியே ஆடிக்கொண்டிருந்தவர். கேமுக்கான மதிப்பெண்கள் பெரும்பாலும் கோடையிலேயே முடிவாகிவிடும். அவருடைய கோல் மழை தொடங்கியதோ ஆகஸ்ட் 29 அன்று. கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் 71 நியாயமான மதிப்பீடுதான்.

அந்த மதிப்பீட்டைச் செய்பவர்கள் யார்? ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தில் அந்தக் காலகட்டத்தில் இந்தத் தரவு வேலைக்குத் தலைமை வகித்தவர் மிகாயெல் முல்லர்-மோரிங் என்ற ஜெர்மானியர். நிறுவனத்தின் ஊழியர்கள் சில பேர்தான். அவர்களுக்குக் கீழே உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பயிற்சியாளர்கள் உண்டு, திறமை தேடும் ஸ்கவுட்டுகள் உண்டு, சீசன் டிக்கெட் வாங்கி ஒவ்வொரு வாரமும் மைதானத்துக்குப் போகும் சாதாரண ரசிகர்களும் நிறைய. தங்களுக்குத் தெரிந்த அணியின் வீரர்களைப் பற்றி 'இவருடைய ஹெடிங் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்', 'இவருக்கு இடது கால் இவ்வளவு வராது' என்று எழுதி அனுப்புவார்கள். அதை ஏற்பதா, தள்ளுவதா என்பதை எடிட்டர்கள் முடிவு செய்வார்கள்.

இந்த எடிட்டர்களின் முக்கியமான வேலை ஒப்பிடுவதுதான். தன் அணி வீரருக்கு நாலு மதிப்பெண் கூடக் கேட்பது ரசிகரின் இயல்பு. ஆகவே லெஸ்டரின் ஸ்ட்ரைக்கருக்கு ஒரு மதிப்பெண் கேட்கப்பட்டால், அதே லீகில் ஏறத்தாழ அதே தரத்தில் ஆடும் மற்ற ஸ்ட்ரைக்கர்களோடு நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றால், ஏதோ ஒன்று மிகையாகிவிட்டது என்று அர்த்தம்.

திரையில் பெரிதாகத் தெரியும் அந்த 71 யாரோ நேரடியாக எழுதிய எண் இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட திறன்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் உண்டு: ஃபினிஷிங், ஹெடிங், ஷார்ட் பாஸ், உடல்பலம், டேக்கிள் என்று நீளும் பட்டியல். வீரர் எந்த இடத்தில் ஆடுகிறாரோ அந்த இடத்துக்கு ஏற்ப இந்தத் திறன்களுக்கு எடை கொடுத்துக் கூட்டினால் வருவதுதான் ஓவரால் மதிப்பெண். அதோடு, உலகப் புகழ் பெற்ற நட்சத்திரங்களுக்குப் புகழுக்கென்றே ஓரிரு மதிப்பெண் கூடும்.

கேமின் தரவுகளை அலசி ரசிகர்களே கண்டுபிடித்து வைத்திருக்கும் எடைக்கணக்கு ஒன்று உண்டு. அதன்படி ஸ்ட்ரைக்கருக்கு ஃபினிஷிங் 18 சதவீதம். கோலுக்கு அருகே சரியான இடத்துக்குப் போய் நிற்கும் திறனுக்கு 13. ஷாட்டின் வலு, ஹெடிங், பந்துக் கட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் 10. சட்டென்று எதிர்வினை காட்டும் திறனுக்கு 8. முழு ஓட்ட வேகத்துக்கு வெறும் 5, கிளம்பும் வேகத்துக்கு 4.

எல்லாத் திறனிலும் சரியாக 71 வைத்திருக்கும் ஒரு கற்பனை ஸ்ட்ரைக்கரை எடுத்துக்கொள்வோம். நன்றாக கோல் அடிக்கிறார் என்பதால் ஃபினிஷிங்கை 8 மதிப்பெண் உயர்த்துகிறோம். ஓவராலில் அது 1.44 மட்டுமே கூட்டும். இடம் பிடிக்கும் திறனிலும் 8 உயர்த்தினால் 1.04. எதிர்வினையில் 6 உயர்த்தினால் 0.48. ஷாட்டின் வலுவில் 5 உயர்த்தினால் 0.5. எல்லாம் சேர்த்து 3.46. இத்தனை தாராளம் காட்டியும் அவர் 74.46இல்தான் நிற்கிறார், திரையில் 74. இன்னும் வெள்ளி அட்டைதான்! முழு ஓட்ட வேகத்தை 10 மதிப்பெண் ஏற்றினால் இன்னொரு 0.5 வரும்; 74.96ஐ முழு எண்ணாக்கி 75 ஆகும்.

ஒரு வீரரின் மதிப்பெண் 71லிருந்து 82க்குப் போவது எவ்வளவு பெரிய தாவல் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒன்றிரண்டு திறன்களைத் தட்டிக்கொடுத்தால் அது நடக்காது. அவரைப் பற்றிய மொத்த மதிப்பீட்டையே திருத்தி எழுத வேண்டும்.

இன்னொன்றும் இதில் தெரிகிறது. ஆட்டம் ஓடும்போது வீரர் எப்படி நகர்கிறார், எப்படி உதைக்கிறார் என்பதைத் தீர்மானிப்பவை அந்தத் தனித்தனித் திறன்களே. ஓவராலில் வேகத்துக்கு எடை குறைவு. ஆனால் கேமில் தடுப்பாட்டக்காரரைத் தாண்டி ஓட வேகம்தான் கைகொடுக்கும். அதனால்தான் மின்னல் வேகம் கொண்ட ஒரு 71, மெதுவான ஒரு 76ஐவிடப் பலருக்குப் பிடித்துப்போகிறது.

'இவ்வளவு பேரிடம் கேட்பானேன், புள்ளிவிவரத்தை எடுத்துப் போட்டால் ஆயிற்றே?' என்று தோன்றலாம். சிக்கல் அங்கேதான். ஒரு சென்டர்-பேக் 100 பாஸில் 92ஐச் சரியாகக் கொடுக்கிறார். ஒரு நடுக்கள ஆட்டக்காரர் 80. முதலாமவர் பத்தடி தள்ளி நிற்பவருக்குத் தட்டிவிடுகிறார். இரண்டாமவர் மூன்று எதிரிகளுக்கு நடுவே கோலைத் திறந்துவிடும் பாஸை முயன்று பார்க்கிறார். எண்ணை அப்படியே ஏற்றால், பாஸிங்கில் தலைகீழான தீர்ப்பு வரும். அயர்லாந்து லீகில் அடித்த 20 கோலும் ஸ்பெயின் லீகில் அடித்த 20 கோலும் ஒன்றில்லை என்பதும் அதே சங்கதிதான். வேகத்தில்கூட இந்தப் பிரச்சினை உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் இளம் வீரர்களை 40 கஜம் ஓடவிட்டு நேரம் எடுக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கான 'மேடன்' கேமுக்கு அந்த நேரம் நல்ல ஆதாரம். நம் கால்பந்தில் எல்லோருக்கும் பொதுவான அப்படியொரு சோதனை கிடையாது. பார்ப்பவர் கண்தான் அளவுகோல்.

சீசன் நடுவே என்ன நடக்கிறது? வார்டி ஐந்தாவது ஆட்டத்திலும் கோல் அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் முன்னால் நிற்கும் கேள்வி: இது ஃபார்மா, திறமையா? ஃபார்ம் என்றால் ஒரு மாதத்தில் வடிந்துவிடும். திறமை என்றால் இனி அவர் அப்படித்தான். ஐந்து ஆட்டத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எந்த இடத்திலிருந்து அடிக்கிறார் என்பதைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். தொலைவிலிருந்து உதைத்த பந்து தடுப்பவர் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போனால் அதிர்ஷ்டம். தடுப்பாட்டக்காரரின் முதுகுப் பக்கமாக ஓடி, கோல்கீப்பரைத் தனியாகச் சந்தித்து, ஆட்டத்துக்கு ஆட்டம் அதே மாதிரி அடித்தால் அது அவருக்குக் கைவந்த வித்தை. வார்டி அடித்தவற்றில் இரண்டாவது வகை நிறைய. இருந்தும் எடிட்டர்கள் ஒரே தூக்கில் பத்து மதிப்பெண் போடமாட்டார்கள். சீசன் நடக்கும்போது இணையம் வழியாக அனுப்பும் அணித் திருத்தங்களில் ஒன்று, இரண்டு என்று கூட்டுவார்கள். இந்தத் தயக்கம் சரியானதுதான். ஏற்றிய மதிப்பெண்ணை ஒரு மாதம் கழித்து இறக்கினால், இரண்டு தடவை தவறு செய்த மாதிரி ஆகிவிடும்.

அந்தத் திருத்தமும் எல்லா இடத்திலும் எட்டாது. கெரியர் மோடில் ஏற்கெனவே தொடங்கி ஆடிக்கொண்டிருப்பவருக்குப் பழைய எண்களே தொடரும். புதிதாகத் தொடங்குபவருக்குத்தான் புது எண்கள். அல்டிமேட் டீம் என்ற பிரிவில் நிலைமை இன்னும் இறுக்கம். அங்கே வீரர்கள் அட்டைகளாக ஏலத்தில் வாங்கி விற்கப்படுகிறார்கள். பலர் சொந்தக் காசைப் போட்டு அட்டைக் கட்டுகளை வாங்குகிறார்கள். ஒருவர் கையில் இருக்கும் அட்டையின் எண்ணை இரவோடு இரவாக மாற்றினால் அவர் சொத்தின் விலையே மாறிப்போகும். ஆகவே சாதாரண அட்டையை அப்படியே விட்டுவிட்டு, அந்த வாரம் பிரமாதமாக ஆடியவர்களுக்குப் புதன்கிழமைதோறும் 'டீம் ஆஃப் தி வீக்' என்று கூடுதல் மதிப்பெண்ணோடு தனி அட்டை வெளியிட்டார்கள். அதே சீசனில் மறுபடி தேர்வானால் இன்னும் உயர்ந்த எண்ணோடு அடுத்த அட்டை. வார்டிக்கும் இப்படி வந்தன. ஒரே வீரர், ஒரே சமயத்தில், வெவ்வேறு மதிப்பெண்களோடு சந்தையில் உலவினார். வருடத் தொடக்கத்தில் வாங்கிய 71 மட்டும் கடைசி நாள் வரை 71தான்.

முழு சீசனும் முடிந்து, 36 ஆட்டங்களின் சான்று சேர்ந்த பிறகே 82 வந்தது. அடுத்த சீசனில் வார்டியின் லீக் கோல்கள் 13 ஆகக் குறைந்தன. பாதியாகச் சரிந்த கணக்கைப் பார்த்து அந்த 82 மிகை என்று சொன்னவர்கள் உண்டு. 2019-20 சீசனில், 33 வயதில், 23 கோல்களோடு அவர் பிரீமியர் லீகின் கோல்டன் பூட்டையே வென்றார். நாலு வருடம் ஓடிய பிறகுதான் அந்தத் திறமையைப் பற்றி உறுதியாகப் பேச முடிந்தது.

இந்த முறைக்குள்ள பெரிய வரம்பு, பார்க்கும் கண்கள் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை என்பது. பிரீமியர் லீகில் ஒவ்வொரு ஆட்டத்தையும் பல கோணங்களில் படம் பிடிக்கிறார்கள், உலகமே பார்க்கிறது. ஒரு மதிப்பெண் தவறினால் மறுநாளே ஆயிரம் பேர் சண்டைக்கு வருவார்கள். நம் இந்தியன் சூப்பர் லீக் 'ஃபிஃபா 22'இல்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. வீரர்களுக்கும் அதன் மூலம் மதிப்பெண் கிடைத்தது. அப்படிப்பட்ட லீகில் ஓர் இளம் விங் பேக்கின் கிராஸிங் 58ஆ, 64ஆ என்று முடிவு செய்யும் இடத்தில் வாரந்தோறும் அவரைப் பார்த்தவர்கள் சிலரே இருப்பார்கள். அந்தச் சிலர் கவனிக்கத் தவறினால், திருத்தச் சொல்லிக் கேட்க ஆளில்லாமல் அந்த எண் அடுத்த ஆண்டு கேமுக்கும் அப்படியே போய்விடும்.