உயர் உணர்திறன் சி-எதிர்வினைப் புரதம்

உயர் உணர்திறன் சி-எதிர்வினைப் புரதச் சோதனை என்பது, நலமாக உள்ள ஒருவருக்குப் பிற்காலத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய இடரை மதிப்பிட உதவும் குருதிச் சோதனை ஆகும். அண்மையில் தடுமன் (சளி) பிடித்திருந்தவரிடம் இச்சோதனை தவறான முடிவைத் தரக்கூடும்.

== புரதமும் சோதனையும் ==
சி-எதிர்வினைப் புரதம் கல்லீரலில் உருவாகிறது. 1930 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகியோர் நுரையீரல் அழற்சி நோயாளிகளின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். உடலில் எங்கேனும் அழற்சி ஏற்பட்டால் இதன் அளவு சில மணிநேரத்தில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாட்களில் உச்சத்தை அடையும்.

இயல்பான சோதனையும் உயர் உணர்திறன் சோதனையும் அளப்பது ஒரே புரதத்தையே. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவுகளையும் துல்லியமாக அளக்க வல்லது என்பதே பின்னதன் சிறப்பு. தமனிச் சுவரில் கொழுப்புப் படியும் இடங்களில் நெடுநாள் நீடிக்கும் மெல்லிய அழற்சி, இத்தகைய சிறு உயர்வையே உண்டாக்குகிறது. 2003 இல் அமெரிக்காவில் வெளியான பரிந்துரையின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்த இடர், 1 முதல் 3 வரை நடுத்தர இடர், 3க்கு மேல் உயர் இடர் ஆகும்.

தமிழ்நாட்டில், சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வின் ஒரு பகுதியாக 2005 இல் வெளியான கட்டுரை, இப்புரதத்துக்கும் உடற்கொழுப்பு, நீரிழிவு, இதயத் தமனி நோய் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

== தடுமனால் ஏற்படும் பிழை ==
அழற்சி எங்கே உள்ளது என்பதை இச்சோதனை காட்டாது. மூக்கிலும் தொண்டையிலும் தோன்றிய அழற்சியும் தமனியில் தோன்றியதும் ஒரே எண்ணாகவே வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக, பாபநாசத்தில் வாழும், வழக்கமான அளவு 0.8 ஆக உள்ள ஒருவரைக் கருதலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அவருக்குத் தடுமன் பிடிக்கிறது. காய்ச்சல் தணிந்த மறுநாள் எடுத்த சோதனையில் அளவு 6 என வருகிறது. அட்டவணைப்படி அவர் உயர் இடர்ப் பிரிவில் சேர்கிறார். ஆனால் அவருடைய தமனிகளில் எந்த மாற்றமும் நிகழவில்லை.

அளவு 10ஐத் தாண்டினால், தொற்று அல்லது வேறு அழற்சி இருக்கலாம் எனக் கருதி அம்முடிவைத் தள்ளிவைப்பது வழக்கம். இலேசான தடுமனோ பெரும்பாலும் அந்த எல்லையை எட்டுவதில்லை. 3க்கும் 10க்கும் இடையில் நிற்கும் எண் உண்மையான இதய இடர் போலவே தோற்றமளிப்பதால், அதுவே கூடுதலாக ஏமாற்றக்கூடியது.

== காத்திருக்கும் காலம் ==
இப்புரதத்தின் அளவு குருதியில் ஏறத்தாழ 19 மணிநேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அழற்சி முற்றிலும் நின்றுவிட்டால் 6 என்ற அளவு மூன்று நாட்களுக்குள் 1க்குக் கீழ் இறங்கிவிடும். ஆனால் அறிகுறிகள் மறைந்த பின்னும் அழற்சி சில நாட்கள் தொடர்வதால் கல்லீரல் புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். எனவே முழுமையாகக் குணமடைந்து இரண்டு வாரங்களாவது கழிந்த பின்னரே சோதிப்பது நன்று. பல்வலி, காயம், தடுப்பூசி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

இரண்டு வார இடைவெளியில் இருமுறை அளந்து சராசரி காண்பது மேலும் நம்பகமானது. இரண்டாம் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால் முதல் உயர்வு தற்காலிகமானது எனலாம். இருமுறையும் 3க்கு மேலே நின்றால், அதனைக் குருதியழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் ஆகியவற்றுடன் சேர்த்தே மருத்துவர் மதிப்பிடுவார். இச்சோதனை மட்டும் இதய நோயை உறுதி செய்வதில்லை.