மரக்கன்று நடும் நாளுக்கு நாலு படம்

சென்ற ஐப்பசியில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் மரக்கன்று நட்டபோது நாற்பது பேர் வந்தார்கள். இருந்தது இரண்டே மண்வெட்டி. வாட்ஸ்அப் அழைப்பில் "நாளை காலை 7 மணி, அனைவரும் வருக" என்று மட்டும் போட்டிருந்தோம். அதை ஒரு நாள் தாமதமாகப் பார்த்த சிலர், நட்டு முடிந்த பிறகு வாளியோடு வந்து நின்றார்கள்.

இந்த முறை இன்ஸ்டாகிராமில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படத்தொகுப்பாகப் போட்டோம். அதைத்தான் கேரசல் என்கிறார்கள். அதே நாலு படத்தையும் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினோம். அங்கே ஒருவர் இரண்டாம் படத்தை மட்டும் தங்கைக்கு அனுப்புவார், முதல் படம் போய்ச் சேராது. அதனால் ஒவ்வொரு படத்தின் அடியிலும் நாள், நேரம், கூடும் இடம் மூன்றையும் திரும்பத் திரும்ப எழுதினோம். 'நாளை' என்ற சொல் எங்குமே இல்லை. "நவம்பர் 2, ஞாயிறு, காலை 6.30, பூங்கா வாசல்" என்றுதான் இருந்தது.

முதல் படத்தில் அந்த ஒரு வரி மட்டும், பாட்டிமார் கண்ணாடி தேடாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக.

அதிக நேரம் பிடித்தது இரண்டாம் படம்தான். நட வேண்டியது இருபது கன்று. குழிகளை ஒரு வாரம் முன்பே இரண்டடி ஆழத்துக்கு ஆள் வைத்துத் தோண்டி ஆறவிட்டிருந்தோம். குழிக்கு இரண்டு பேர், இரண்டு குழிக்கு ஒரு மண்வெட்டி என்றால் பத்து போதும். ஆகவே "மண்வெட்டி கொண்டுவாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "தெருவுக்கு இரண்டு மண்வெட்டி, வீட்டுக்கு ஒரு வாளி, கன்றின் பையைக் கிழிக்க ஒரு பழைய கத்தி, குடிக்கத் தண்ணீர்" என்று பிரித்து எழுதினோம். எங்களுடையது ஐந்து தெரு, கணக்கு சரியாக வந்தது. கீழே தடித்த எழுத்தில் இன்னொன்று: "கன்று வாங்கி வர வேண்டாம்." ஆளுக்கொரு கன்று வாங்கி வந்தால் மின்கம்பிக்கு நேர் கீழே நெட்டையாக வளரும் மரம் வந்துவிடும், பிறகு ஆண்டுதோறும் அதன் தலையை வெட்டுவார்கள். பூவரசு, புங்கை, மகிழம் என்று இடம் பார்த்து நாங்களே வாங்கி வைத்தோம்.

மூன்றாம் படம் நடும் முறை. போன முறை ஐந்தாறு கன்றுகள் கருகின. பிடுங்கிப் பார்த்தால் வேரைச் சுற்றிக் கறுப்புப் பை அப்படியே இருந்தது. அதனால் பையை நீளவாக்கில் கீறி, வேர்மண் உதிராமல் எடுக்கும் கையைப் படம் பிடித்துப் போட்டோம்.

நான்காம் படத்தில் ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் எண், எதிரே தண்ணீர் ஊற்றும் தெருவின் பெயர். மழை இருக்கும்வரை கன்று தானே பிழைத்துக்கொள்ளும். மாசி பிறந்து வெயில் ஏறினால் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு வாளி நீர் வேண்டும், இரண்டு கோடை வரை. உங்கள் சங்கம் படம் தயாரித்தால், தண்ணீர் ஊற்றுவது யார் என்று முடிவான பிறகே முதல் படத்தை வெளியிடுங்கள்.