ஸ்கோர்கார்டில் இல்லாத சராசரி

மேட்ச் முடிந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஸ்கோர்கார்டு ஸ்கிரீன்ஷாட் வந்துவிடுகிறது. கூடவே வாக்குவாதமும் வந்துவிடுகிறது. ‘ஆவரேஜைப் பாரு’ என்கிறார் ஒருவர், ‘ஸ்ட்ரைக் ரேட்டைப் பாரு’ என்கிறார் இன்னொருவர். முதல் ஆளிடம் ஒன்று கேட்கலாம்: அந்தப் படத்தில் ஆவரேஜ் எங்கே இருக்கிறது? எந்த ஸ்கோர்கார்டிலும் அது இருக்காது. ஸ்ட்ரைக் ரேட்டை ஒரே வரியிலிருந்து கணக்கிட்டுவிடலாம். சராசரிக்குப் பல ஆட்டங்களின் படங்கள் வேண்டும்.

எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு ஸ்கோர்கார்டை எடுத்துக்கொள்வோம். 2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே மைதானம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கைக்கு எதிராக இந்தியா ஆடிய இன்னிங்ஸ் திரையில் இப்படித்தான் தெரியும்:

```
                               R    B  4s 6s     SR
Sehwag    lbw b Malinga        0    2   0  0   0.00
Tendulkar c Sangakkara
          b Malinga           18   14   2  0 128.57
Gambhir   b Perera            97  122   9  0  79.50
Kohli     c & b Dilshan       35   49   4  0  71.42
Dhoni     not out             91   79   8  2 115.18
Yuvraj    not out             21   24   2  0  87.50
Extras    (b 1, lb 6, w 8)    15
Total     277/4 (48.2 Ov)
```

R என்பது ரன், B என்பது சந்தித்த பந்து. ஸ்ட்ரைக் ரேட் என்றால் நூறு பந்துக்கு எத்தனை ரன் என்ற கணக்கு. ரன்னைப் பந்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். தோனிக்கு 91-ஐ 79-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 115.1899 வரும். படத்தில் 115.18 என்று இருக்கும், கால்குலேட்டர்காரர் 115.19 என்பார். இருவர் சொல்வதும் சரிதான். சில தளங்கள் இரண்டு தசம இடத்துக்கு மேல் உள்ளதை அப்படியே வெட்டிவிடுகின்றன, சில தளங்கள் முழுமையாக்குகின்றன. 0.01 வித்தியாசத்துக்குச் சண்டை வேண்டாம்.

சில தளங்களில் B-க்குப் பக்கத்தில் M என்று இன்னொரு நெடுவரிசை இருக்கும். அது களத்தில் நின்ற நிமிடங்கள். தலைப்பு வரி வெட்டுப்பட்ட படத்தில் இதைப் பந்து என்று எடுத்துக்கொண்டால் கணக்கே தப்பிவிடும். நிமிடக் கணக்கு பெரும்பாலும் பந்துக் கணக்கைவிடப் பெரிதாக இருக்கும், எனவே ஸ்ட்ரைக் ரேட் குறைவாக வரும். நல்ல வேளையாக, இதைக் கண்டுபிடிக்க ஸ்கோர்கார்டிலேயே வழி இருக்கிறது.

எல்லோரும் சந்தித்த பந்துகளைக் கூட்டுங்கள்: 2, 14, 122, 49, 79, 24. மொத்தம் 290. இனி கீழே உள்ள ஓவரைப் பாருங்கள். 48.2 என்பது தசம எண் அல்ல. 48 ஓவரும் 2 பந்தும். 48-ஐ ஆறால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் 290. இரண்டும் பொருந்திவிட்டன. ரன்னையும் இப்படியே பார்க்கலாம். ஆறு பேரின் ரன்கள் சேர்ந்து 262, எக்ஸ்ட்ரா 15, ஆக 277. இந்த இரண்டு கூட்டலும் சரியாக வந்தால் படத்திலிருந்து எண்களைச் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள் என்று நம்பலாம். மங்கலான படத்தில் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் படித்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

எட்டு வைடு ரன்கள் போயிருக்கின்றனவே, அவை ஏன் பந்துக் கணக்கில் இடிக்கவில்லை? வைடு, பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாகவும் சேராது, ஓவரிலும் சேராது. பை, லெக் பை இரண்டிலும் பந்து பேட்ஸ்மேன் கணக்கில் ஏறும், ரன் எக்ஸ்ட்ராவுக்குப் போகும். வம்பு செய்வது நோ-பால்தான். அது ஓவரில் சேராது, ஆனால் பேட்ஸ்மேன் சந்தித்த பந்தாக எழுதப்படும். ஆகவே ஓர் இன்னிங்ஸில் மூன்று நோ-பால் இருந்தால், பேட்ஸ்மேன்கள் சந்தித்த பந்துகளின் கூட்டுத்தொகை ஓவர் கணக்கைவிட மூன்று அதிகமாக இருக்க வேண்டும். அந்த இறுதி ஆட்டத்தில் இலங்கை ஒரு நோ-பால்கூடப் போடவில்லை. அதனால்தான் 290 அச்சுப் பிசகாமல் வந்தது.

இதே வழியில் மறைந்துபோன எண்ணையும் மீட்கலாம். கம்பீர் வரியில் யாரோ விரலால் வட்டம் போட்டு, பந்து எண்ணிக்கை தெரியாமல் போய்விட்டது என்று வையுங்கள். மற்ற ஐவரின் பந்துகள் 168. 290-இல் அதைக் கழித்தால் 122. கம்பீர் சந்தித்தது அதுதான்.

இனி சராசரிக்கு வருவோம். எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது பேட்டிங் சராசரி. ஆடிய மேட்ச்களாலும் அல்ல, ஆடிய இன்னிங்ஸ்களாலும் அல்ல. பெரும்பாலோர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ‘not out’ என்ற சொல்லைத்தான், ரன்னை மட்டும் பார்க்கிற கண் தவறவிடுகிறது.

அதே உலகக் கோப்பையில் தொடர் நாயகன் விருது வாங்கிய யுவராஜ் சிங்கின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வங்கதேசத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவருக்குப் பேட்டிங் வாய்ப்பே வரவில்லை. ஸ்கோர்கார்டில் ‘did not bat’ பட்டியலில் இருப்பார். அது இன்னிங்ஸாகவே எண்ணப்படாது. பிறகு இங்கிலாந்துக்கு எதிராக 50 பந்தில் 58. அயர்லாந்துடன் 75 பந்தில் ஆட்டமிழக்காமல் 50, நெதர்லாந்துடன் 73 பந்தில் ஆட்டமிழக்காமல் 51. தென்னாப்பிரிக்காவுடன் 9 பந்தில் 12. நம் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 123 பந்தில் 113. காலிறுதியில் ஆஸ்திரேலியாவுடன் 65 பந்தில் ஆட்டமிழக்காமல் 57. அரையிறுதியில் பாகிஸ்தானின் வஹாப் ரியாஸ் முதல் பந்திலேயே ஸ்டம்பைப் பறக்கவிட்டார். இறுதியில், மேலே பார்த்தபடி, 24 பந்தில் ஆட்டமிழக்காமல் 21.

கூட்டினால் 362 ரன், 420 பந்து, எட்டு இன்னிங்ஸ். அதில் நான்கு முறை நாட் அவுட், எனவே ஆட்டமிழந்தது நான்கே முறை. 362-ஐ நான்கால் வகுத்தால் 90.50. எட்டால் வகுப்பவருக்கு 45.25 வரும், ஒன்பது மேட்ச்களால் வகுப்பவருக்கு 40.22. ஒரே மனிதர், ஒரே ரன்கள், சராசரி மட்டும் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

நாட் அவுட்டைச் சேர்க்காதது நியாயமா என்ற கேள்வி எழும். யுவராஜ் நாட் அவுட்டாக நின்ற நான்கு ஆட்டங்களிலும் இந்தியா இரண்டாவதாக ஆடி, இலக்கை எட்டி வென்றது. அவரை யாரும் வெளியேற்றவில்லை. துரத்த வேண்டிய ரன் தீர்ந்துபோனதால் இன்னிங்ஸ் முடிந்தது. அந்த நான்கையும் ‘அவுட்’ என்று எண்ணினால் ஜெயித்துக் கொடுத்ததற்குத் தண்டனை கொடுத்ததாகிவிடும். எனக்கு இந்த முறை நியாயமாகவே படுகிறது. ஆனாலும் 90.50 என்பதை ‘ஒவ்வொரு முறையும் தொண்ணூறு அடித்தார்’ என்று படிக்கக் கூடாது. இரண்டு விக்கெட்டுகளுக்கு நடுவே தொண்ணூறு ரன் சேர்த்தார் என்பதே அதன் பொருள்.

இந்த முறை எவ்வளவு தூரம் கோணலாகப் போகும் என்பதற்கும் சரித்திரத்தில் ஆள் இருக்கிறார். 1953-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது, கடைசியில் இறங்கும் பந்து வீச்சாளர் பில் ஜான்ஸ்டன் முதல்தர ஆட்டங்களில் 17 இன்னிங்ஸில் 102 ரன் எடுத்தார். அதில் 16 முறை நாட் அவுட். ஒரே ஒரு முறை ஆட்டமிழந்ததால் சராசரி 102.00. அந்தத் தொடர் முழுக்க அவர் ஓர் ஆட்டத்தில்கூட முப்பதைத் தொடவில்லை! ஆகவே சராசரியைச் சொல்லும்போது எத்தனை இன்னிங்ஸ், எத்தனை நாட் அவுட் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

‘retired hurt’ என்று போட்டிருந்தால், காயத்தால் வெளியேறியவர் என்று பொருள். அது நாட் அவுட் கணக்கில் சேரும். ‘retired out’ என்றால் அவுட். ‘run out’ ஆனவரின் பெயரில் எந்தப் பந்து வீச்சாளரும் இருக்கமாட்டார், ஆனாலும் சராசரிக்கு அது அவுட்தான்.

ஸ்ட்ரைக் ரேட்டைப் பல ஆட்டங்களுக்குச் சேர்த்துப் பார்க்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் SR தயாராக இருக்கிறதே என்று எட்டையும் கூட்டி எட்டால் வகுக்கத் தோன்றும். யுவராஜுக்கு அப்படிச் செய்தால் 81.61 வரும். சரியான விடை 362-ஐ 420-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் 86.19. பாகிஸ்தானுக்கு எதிரான ஒரே பந்து 0.00 என்று வந்து, சேப்பாக்கத்தில் ஆடிய 123 பந்துகளுக்குச் சமமான இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். முதலில் ரன்னையும் பந்தையும் தனித்தனியே கூட்டிவிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் வகுக்க வேண்டும்.

லோக்கல் டோர்னமென்ட் கணக்கை எக்செலிலோ கூகுள் ஷீட்ஸிலோ ஏற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாட் அவுட் ஸ்கோரை வழக்கப்படி நட்சத்திரக் குறியோடு `50*` என்று அடித்தால், அந்தக் கட்டம் எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். கூட்டல் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். யுவராஜின் 362 ரன் அப்போது 183 என்று காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. ரன்னை B-இல் வெறும் எண்ணாகவும், `out` அல்லது `not out` என்பதை C-இலும், பந்தை D-இலும் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை:

```
=SUM(B2:B9)/COUNTIF(C2:C9,"out")
=SUM(B2:B9)/SUM(D2:D9)*100
```

முதல் வரி சராசரி, இரண்டாவது ஸ்ட்ரைக் ரேட். ஒரு முறைகூட ஆட்டமிழக்காதவருக்கு முதல் வரி `#DIV/0!` என்று காட்டும். பயப்பட வேண்டாம், கணக்கு சரிதான். அவருக்கு இன்னும் சராசரி கிடையாது, ஸ்கோர்கார்டு தளங்களும் அந்த இடத்தில் கோடுதான் போடுகின்றன.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படத்திலும் ‘not out’ என்றுதான் இருக்கும். அதை நாட் அவுட் என்று பதிந்துவிடாதீர்கள், அடுத்த ஓவரிலேயே அவர் அவுட் ஆகலாம். இன்னிங்ஸ் முடிந்த பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுக்கும்போது மேலே தலைப்பு வரியையும் கீழே எக்ஸ்ட்ராஸ், மொத்தம், ஓவர் வரிகளையும் வெட்டாமல் எடுங்கள். அவை இல்லாத படத்தில் கூட்டிச் சரிபார்க்க எதுவும் இல்லை.